டெலிவரி டிரைவர் வேலைக்கு ஒரு சின்னக் கடிதம்: லைசென்ஸ், விபத்தில்லாத ஓட்டம், நேரம் மூன்றையும் எழுதுவது எப்படி

டெலிவரி வண்டிக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ஸி முதலாளிக்கு உங்கள் கடிதத்தைப் படிக்க ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அதுவும் குடோனில் நின்றபடி, பில் போட்டுக்கொண்டே படிப்பார். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இந்த ஆளை வண்டியில் ஏற்றினால் வழியில் போலீஸோ ஆர்.டி.ஓ.வோ மடக்கும்போது பிரச்சினை வருமா? வண்டியை எங்காவது இடித்துவிட்டு வருவாரா? லோடு ஏற்றும் நேரத்துக்கு வந்து நிற்பாரா? இதற்கான பதிலைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும்.

பெரும்பாலான கடிதங்களில் "நான் நேர்மையானவன், கடின உழைப்பாளி, பாதுகாப்பாக ஓட்டுவேன், நேரம் தவறமாட்டேன்" என்று இருக்கும். தப்பில்லை, ஆனால் எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள். முதலாளி ஒரு போன் போட்டோ, இணையத்தில் ஒருமுறை தேடியோ சரிபார்க்கக்கூடிய விஷயத்தை எழுதுபவர்கள் குறைவு. அப்படி எழுதுவது எப்படி என்று ஒரு உதாரணத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

கோயம்புத்தூரில் ஒரு மருந்து மொத்த விற்பனை ஏஜென்ஸி. மெடிக்கல் கடைகளுக்கு தினமும் இரண்டு டிரிப் சரக்கு போகிறது. வாசலில் ஒரு அட்டை: "டாடா ஏஸ் ஓட்ட டிரைவர் தேவை. பேட்ஜ் உள்ளவர். காலை 6 மணிக்கு வர வேண்டும்." நம்ம ஆள் ஒண்டிப்புதூரில் இருக்கிறார், வயது 34. ஆறு வருடமாக ஒரு பிரெட் ஏஜென்ஸியில் வண்டி ஓட்டுகிறார். இவருக்கான கடிதத்தை எழுதப் போகிறோம். கற்பனை ஆள்தான், ஆனால் இவருடைய நிலைமையில் பலர் இருக்கிறார்கள்.

முதலில் லைசென்ஸ் அட்டையை எடுத்துப் படியுங்கள்

பேனாவைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. அட்டையை வாங்கிப் பர்ஸில் வைத்ததோடு சரி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதவர்கள்தான் அதிகம்.

அதில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, எந்த வகை வண்டி. LMV என்று இருந்தால் இலகு ரக வாகனம். பேட்ஜ் எடுத்தவர்களின் அட்டையில் LMV-TR அல்லது TRANS என்றும் இருக்கும். இரண்டாவது, எந்தத் தேதி வரை செல்லும் என்பது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சொந்த வண்டிக்கான தேதி NT என்றும், வாடகை மற்றும் சரக்கு வண்டிக்கான தேதி TR என்றும் தனித்தனியாக இருக்கும். NT தேதி 2033 வரை இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். TR தேதி போன வருடமே முடிந்திருக்கும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு TR லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பு மூன்று வருடம். தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். ஆக, தேதி நெருங்கியிருந்தால் முதலில் புதுப்பித்துவிட்டு அப்புறம் கடிதம் கொடுங்கள். முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் "புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், உண்மையிலேயே விண்ணப்பித்திருந்தால்.

சரி, பேட்ஜே இல்லாதவர் என்ன செய்வது? விளம்பரத்தில் "பேட்ஜ் உள்ளவர்" என்று பார்த்ததுமே பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அது தேவையில்லை. மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து, 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை LMV லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம், தனியாக பேட்ஜ் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2018 ஏப்ரலில் மத்திய அரசும் மாநிலங்களுக்கு அப்படியே அறிவுறுத்தியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதை எதிர்த்து வாதாட, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பரில் அதையே மறுபடி உறுதி செய்தது. டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இந்த எடைக்குள் அடக்கம். பெரிய லாரிக்கும், பெட்ரோல் டேங்கர் போன்ற அபாயகரமான சரக்குக்கும் இது பொருந்தாது. அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும்.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் கடிதத்தில் சட்டம் பேசக் கூடாது. "உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி எனக்கு பேட்ஜ் தேவையில்லை" என்று எழுதினால், வேலைக்கு வரும் முன்பே சண்டைக்கு வருகிறார் என்று முதலாளி நினைப்பார். "என்னிடம் LMV லைசென்ஸ் இருக்கிறது, உங்கள் டாடா ஏஸ் வண்டிக்கு அது செல்லும்" என்று எழுதுங்கள், போதும். நேரில் கேட்டால் விளக்கிக்கொள்ளலாம். அதற்கும் அவர் பேட்ஜ்தான் வேண்டும் என்றால் அது அவர் விருப்பம்.

அடுத்தது லைசென்ஸ் எண். கடிதத்தில் எண்ணை எழுதலாம், பிறந்த தேதியை எழுத வேண்டாம். parivahan.gov.in தளத்தில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் லைசென்ஸின் விவரம் திரையில் வந்துவிடும். முதலாளி பார்க்கட்டும், தப்பில்லை, ஆனால் நேரில் உட்கார்ந்திருக்கும்போது பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் போகும் கடிதம் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஜெராக்ஸ் கொடுப்பதாக இருந்தால் அதன் குறுக்கே "டிரைவர் வேலைக்காக மட்டும்" என்று தேதி போட்டு எழுதிவிடுங்கள். அசலை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சில இடங்களில் வேலையை விட்டு ஓடிவிடக் கூடாது என்று அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

விபத்து, அபராதம்: நீங்களே முதலில் தேடிப் பாருங்கள்

"பாதுகாப்பான ஓட்டுநர்" என்று எழுத வேண்டுமானால் உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். echallan.parivahan.gov.in தளத்தில் லைசென்ஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த லைசென்ஸில் போட்ட அபராதங்கள் வரும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். கேமரா பிடிக்கும் அபராதமும், போலீஸ்காரர் வண்டி நம்பரைப் படம் எடுத்துப் போடும் அபராதமும் வண்டியின் பெயரில்தான் ஏறும். அதாவது பழைய முதலாளியின் கணக்கில். உங்கள் லைசென்ஸ் சுத்தமாகத் தெரியும், ஆனால் அவருக்குப் போன் போட்டுக் கேட்டால் "மூன்று அபராதம் கட்டினேன்" என்பார். எனவே நீங்கள் ஓட்டிய வண்டியின் நம்பரையும் போட்டுப் பாருங்கள். அதற்கு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்கள் வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும், முதலாளியிடம் கேட்டால் கொடுப்பார்.

கட்டாத அபராதம் இருந்தால் கட்டிவிட்டு ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோ பார்க்கிங் அபராதம் இல்லாத டெலிவரி டிரைவர் ஊரில் யார் இருக்கிறார்? ஒப்பணக்கார வீதியில் சரக்கு இறக்குகிறவருக்குத் தெரியும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா அபராதமும் ஒன்றல்ல. குடித்துவிட்டு ஓட்டியது, போன் பேசிக்கொண்டே ஓட்டியது, சிக்னலைத் தாண்டியது, அதிவேகம் என்று இருந்தால் முதலாளி அதை வேறு மாதிரிதான் பார்ப்பார். அவை பழையவையாக இருந்தால் கடிதத்தில் எழுத வேண்டாம், கேட்டால் மறைக்கவும் வேண்டாம். அதே நேரம் "இதுவரை ஒரு அபராதம்கூட இல்லை" என்ற வரியையும் எழுதக் கூடாது.

விபத்து விஷயத்துக்கு வருவோம். "விபத்தே நடந்ததில்லை" என்ற வரியை யாராலும் நிரூபிக்க முடியாது. படிப்பவருக்கும் அது தெரியும். அதற்குப் பதிலாக, கேட்டால் பதில் கிடைக்கும் இரண்டு விஷயங்களை எழுதுங்கள். போலீஸ் வழக்கு வந்ததா, வண்டிக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டார்களா? இரண்டும் இல்லையென்றால் அதைக் காலத்தோடு சேர்த்து எழுத வேண்டும். எந்த வருடத்திலிருந்து, எந்த வண்டியில் என்று இருந்தால்தான் அந்த வரிக்கு எடை.

ஒரே வண்டியை நீங்கள் மட்டுமே ஓட்டியிருந்தால் இன்னொரு சான்றும் கிடைக்கலாம். வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருந்து, வருடம் முழுக்க கிளெய்ம் போடாமல் இருந்தால், அடுத்த வருட பிரீமியத்தில் தள்ளுபடி தருவார்கள். முதலில் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை போகும். பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்று இருப்பது அதுதான். அந்தத் தள்ளுபடி முதலாளிக்குத்தான், உங்களுக்கு அதில் ஒரு பைசா வராது. ஆனால் "நான் ஓட்டிய ஐந்து வருடமும் வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் வந்தது" என்பது டெலிவரி ஏஜென்ஸி நடத்துபவருக்கு உடனே புரியும் பேச்சு. இதற்கும் எல்லை உண்டு. அடுத்தவர் மேல் மோதி, அவர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தால் அது இந்தத் தள்ளுபடியில் தெரியாது. பழைய வண்டிகள் பலவற்றுக்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் எடுத்திருப்பார்கள், அவற்றில் இந்தத் தள்ளுபடியே கிடையாது. நம்ம ஆளின் பிரெட் வண்டியும் அப்படித்தான். எனவே அவர் இந்த வரியை விட்டுவிடுகிறார்.

உண்மையிலேயே ஒரு விபத்து நடந்திருந்தால்? சின்னதாக இருந்து, பழைய முதலாளிக்கும் தெரியும் என்றால், ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுவது நல்லது. எப்போது, என்ன ஆனது, எப்படி முடிந்தது. "2022இல் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கடையின் ஷட்டரில் இடித்துவிட்டேன், செலவை நானும் முதலாளியும் பாதிப் பாதி கொடுத்துச் சரிசெய்தோம்." யார் மேல் தப்பு என்று நாலு வரி விளக்கம் எழுதினால் படிப்பவரின் கண் அங்கேயே நின்றுவிடும். பெரிய விபத்து, வழக்கு நடக்கிறது என்றால் கடிதத்தில் எழுத வேண்டாம், நேரில் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் வேலை மட்டுமல்ல, அந்த வட்டாரத்தில் பெயரும் போய்விடும். ஏஜென்ஸிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்பவர்கள்.

நேரம் என்றால் கிளம்பும் நேரம்

இந்த இடத்தில்தான் நிறையக் கடிதங்கள் தன் காலிலேயே கல்லைப் போட்டுக்கொள்கின்றன. "மிக வேகமாக டெலிவரி செய்வேன்" என்று எழுதிவிடுகிறார்கள். மேலே பாதுகாப்பான ஓட்டம், கீழே வேகம். விவரமான முதலாளி இரண்டாவதைப் படித்ததும் முதலாவதை நம்பமாட்டார். டெலிவரியில் தாமதம் பெரும்பாலும் ரோட்டில் நடப்பதில்லை. குடோனிலிருந்து கிளம்பும்போதே அரை மணி நேரம் போய்விடும். டிரைவர் வர லேட், லோடுமேனுக்காகக் காத்திருப்பு, பில்லைச் சரிபார்க்காமல் ஏற்றிவிட்டு மறுபடி இறக்குவது. அந்த அரை மணியைப் பிடிக்கத்தான் ரோட்டில் விரட்டுகிறார்கள்.

எனவே நேரத்தைப் பற்றி எழுதும்போது ரோட்டைப் பற்றி எழுதாமல் குடோனைப் பற்றி எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்து நிற்பீர்கள், எத்தனை மணிக்கு வண்டி வெளியே போகும், ஒரு லைனில் எத்தனை கடை, எத்தனை மணிக்குள் பில்லையும் வசூலையும் திருப்பி ஒப்படைப்பீர்கள். இந்த நாலும் போதும். பிரெட் லைன் ஓட்டியவருக்கு இதில் ஒரு வசதி: கடை திறக்கும் முன்பே போயாக வேண்டிய சரக்கு அது. மருந்து ஏஜென்ஸிக்காரருக்கும் இது உடனே புரியும். இன்சுலின் மாதிரி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து ஏற்றிய சரக்கு டிரைவருக்காக வெயிலில் காத்துக்கொண்டிருக்க முடியாது.

வீடு எவ்வளவு தூரம் என்பதையும் சேருங்கள். முதலாளி இதைக் கட்டாயம் யோசிப்பார். காலை 6 மணி வேலைக்கு முதல் பஸ்ஸை நம்பி வருபவரா, சொந்த பைக்கில் வருபவரா என்பது பெரிய வித்தியாசம். அப்புறம் லீவு. டிரைவர் வராமல் இருப்பதைவிட, வராமல் போனையும் அணைத்து வைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. "லீவு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுவேன்" என்ற வரி நல்ல வேலை செய்யும், உங்கள் பழைய முதலாளி அதை ஆமோதிப்பார் என்றால்.

கடிதம்

இவ்வளவையும் சேர்த்தால் நம்ம ஆளின் கடிதம் இப்படி வரும். ஒரு பக்கம்கூட இல்லை.

அனுப்புநர்
(பெயர்),
(தெரு), ஒண்டிப்புதூர், கோயம்புத்தூர்.
செல்: (எண்)

பெறுநர்
உரிமையாளர்,
(ஏஜென்ஸியின் பெயர்), கோயம்புத்தூர்.

பொருள்: டாடா ஏஸ் டிரைவர் வேலை

ஐயா,

மெடிக்கல் கடைகளுக்கு டெலிவரி செய்ய டிரைவர் தேவை என்று உங்கள் குடோன் வாசலில் பார்த்தேன். அந்த வேலைக்காக எழுதுகிறேன்.

2013 முதல் இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருக்கிறேன். 2016இல் பேட்ஜ் எடுத்தேன். அது 2027 மார்ச் வரை செல்லும். லைசென்ஸ் எண்: (எண்).

2019 முதல் சிங்காநல்லூரில் ஒரு பிரெட் ஏஜென்ஸியில் டாடா ஏஸ் ஓட்டுகிறேன். இந்த ஆறு வருடத்தில் என் மீது போலீஸ் வழக்கோ, வண்டிக்கு இன்சூரன்ஸ் கிளெய்மோ வந்ததில்லை. 2023இல் நோ பார்க்கிங் அபராதம் ஒன்று வந்தது. கட்டிவிட்டேன்.

தினமும் காலை 5 மணிக்கு லோடு ஏற்றி 5.30க்குக் கிளம்புவேன். சூலூர், பல்லடம் லைனில் 30 கடைகள் முடித்து 11 மணிக்குள் பில்லையும் பணத்தையும் ஒப்படைத்துவிடுவேன். லீவு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுவேன். உங்கள் குடோனுக்கு பைக்கில் 15 நிமிடத்தில் வந்துவிடலாம்.

இதற்கு முன் நான் வேலை செய்த இடத்தின் உரிமையாளர்: (பெயர், செல் எண்). என்னைப் பற்றி அவரிடம் விசாரிக்கலாம். அசல் லைசென்ஸுடன் நேரில் வந்து வண்டி ஓட்டிக் காட்டத் தயார்.

இப்படிக்கு,
(கையெழுத்து, தேதி)

இதில் கவனிக்க வேண்டியது, விசாரிக்கக் கொடுத்த எண் இப்போதைய முதலாளியுடையது அல்ல. வேலை கிடைப்பதற்குள் இவர் வேறு இடம் தேடுகிறார் என்று அவருக்குத் தெரிந்தால், இருக்கிற வேலையும் ஆடிப்போகும். முந்தைய முதலாளி யாரும் இல்லையென்றால், நீங்கள் வழக்கமாகச் சரக்கு இறக்கும் ஒரு கடைக்காரரின் எண்ணைக் கொடுக்கலாம். டிரைவர் எத்தனை மணிக்கு வருவார் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. யாருடைய எண்ணாக இருந்தாலும் முதலில் அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பலர் எடுப்பதே இல்லை.

சம்பளம், குடும்பக் கஷ்டம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் எதுவும் கடிதத்தில் இல்லை. சம்பளம் நேரில் பேசுவது. மற்றவை இந்த வேலைக்குத் தேவையில்லாதவை.

கொடுப்பது

சின்ன ஏஜென்ஸி என்றால் கையால் எழுதி, லைசென்ஸ் ஜெராக்ஸை இணைத்து, நேரில் கொடுப்பதே நல்லது. காலையில் லோடு ஏற்றும் நேரத்தில் போகாதீர்கள். யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. வண்டிகள் வெளியே போன பிறகு, பத்து பதினொரு மணிவாக்கில் போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் தாளைப் படம் எடுத்து அனுப்புவதைவிட டைப் செய்து அனுப்புங்கள். படத்தில் கையெழுத்து மங்கலாக இருந்தால் பெரிதாக்கிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. டைப் செய்யும்போது முகவரி எல்லாம் வேண்டாம். "ஐயா, வணக்கம்" என்று தொடங்கி, பெயரையும் ஊரையும் கடைசியில் போட்டால் போதும்.

பெரிய கூரியர் கம்பெனிகளும் ஆன்லைன் கடைகளின் டெலிவரி ஹப்களும் கடிதமே கேட்பதில்லை. போனில் ஒரு படிவத்தை நிரப்பி லைசென்ஸைப் பதிவேற்றச் சொல்வார்கள். அங்கே "உங்களைப் பற்றி" என்று ஒரு கட்டம் வந்தால், இதே கடிதத்தின் நடுவில் உள்ள மூன்று பத்திகளை அப்படியே போடலாம்.

கூப்பிட்டால் முதல் கேள்வி பெரும்பாலும் "எப்போது வர முடியும்?" என்பதுதான். இப்போதைய இடத்தில் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கணக்குப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். வண்டி ஓட்டிக் காட்ட ஒரு நாள் குறித்தால், அவர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் குடோன் வாசலில் இருங்கள். சாவியைக் கையில் வாங்கியதும் ஏறி உட்கார்ந்துவிடாமல் டயரையும் கண்ணாடியையும் ஒரு சுற்று பாருங்கள், பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், சீட் பெல்ட்டைப் போடுங்கள். போன் அடித்தால் வண்டியை ஓரம் கட்டாமல் எடுக்காதீர்கள், அழைப்பது அவராகவே இருந்தாலும்.